மாவட்டப் படங்களில் நிழலிடுதல்: எண்ணிக்கையா, ஆயிரத்துக்கு வீதமா?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் 2011 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 48,972 பழங்குடியினர் வாழ்ந்தனர். அதே மாநிலத்தின் வடகோடியிலுள்ள காசரகோடு மாவட்டத்தில் அவர்களின் தொகை 48,857. இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு 115 பேர் மட்டுமே. இவ்வெண்ணிக்கைகளைக் கொண்டு மாநிலப் படத்தில் நிழலிட்டால் இரு மாவட்டங்களும் ஒரே நிறத்தைப் பெறும். படத்தைக் காணும் அதிகாரி, இவ்விரு மாவட்டங்களிலும் பழங்குடியினரின் நிலை ஏறத்தாழ ஒன்றே என முடிவு செய்வார்.

அம்முடிவு தவறானதாகும். பாலக்காட்டின் மொத்த மக்கள்தொகை 28 இலட்சம். காசரகோட்டினுடையது 13 இலட்சம். ஆகவே பாலக்காட்டில் ஆயிரம் பேரில் 17 பேர் பழங்குடியினர். காசரகோட்டில் ஆயிரம் பேரில் 37 பேர். ஒரு சிற்றூர்ப் பள்ளியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பணியாற்றுபவர் பழங்குடி மக்களைச் சந்திக்கும் வாய்ப்பு, காசரகோட்டில் இரு மடங்குக்கும் அதிகம். எண்ணிக்கையால் வரைந்த படம் இதனை மறைத்துவிடுகிறது. இத்தகைய பிழை எவ்வாறு நேர்கிறது, அதனைத் தவிர்ப்பது எங்ஙனம் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

நிழல் உணர்த்துவது என்ன?

படத்தில் ஒரு மாவட்டத்திற்கு நிறம் தீட்டும்போது, அந்நிறம் மாவட்டத்தின் எல்லை முழுவதும் ஒரே சீராகப் பரவுகிறது. காண்பவரின் கண் அதனை ஒரு செறிவாகவே கொள்கிறது. அடர்ந்த நிறமுள்ள இடத்தில் எங்கு நின்றாலும் அப்பண்பு மிகுதி என்றும், வெளிறிய இடத்தில் அது குறைவு என்றும் பொருள் கொள்கிறது. ஆனால் மொத்த எண்ணிக்கை என்பது இடத்தின் பண்பன்று. எல்லைக் கோட்டிற்குள் எவ்வளவு அடங்கியுள்ளது என்பதன் கணக்கு. எல்லை விரிந்தால் அது பெருகும். சுருங்கினால் அது குறையும்.

இதனைச் சோதித்தறிய எளிய வழியொன்று உண்டு. மாவட்டத்தை இரண்டாகப் பிரித்தால் படத்தின் பொருள் மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். காசரகோடு மாவட்டம் 1984 ஆம் ஆண்டு கண்ணூர் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு உருவானது. பிரிவினை நிகழாதிருந்தால், 2011 இல் இவ்விரு பகுதிகளும் சேர்ந்து 90,228 பழங்குடியினரைக் கொண்ட ஒரே மாவட்டமாக, வயநாட்டிற்கு அடுத்தபடியாக அடர்ந்த நிறத்துடன் காட்சியளித்திருக்கும். பிரிந்தமையால் ஒன்று 48,857, மற்றொன்று 41,371 என இரண்டும் வெளிறிவிட்டன. ஒரு குடும்பமும் இடம் பெயரவில்லை. ஒரு அரசாணையே நிறத்தை மாற்றிவிட்டது.

வீதத்தைக் கொண்டு பார்த்தால் நிலை வேறு. இரு பகுதிகளும் சேர்ந்தால் ஆயிரத்துக்கு 24 பேர். பிரித்தால் காசரகோட்டில் 37, கண்ணூரில் 16. இங்கும் எண்கள் மாறுகின்றன என்பது உண்மையே. ஆயினும் இம்மாற்றம் வேறு வகையானது. பழைய சராசரி இரு புறமும் விலகி, முன்பு மறைந்திருந்த ஒரு வேறுபாட்டை வெளிப்படுத்துகிறது. எல்லை மாறுவதால் எண்ணிக்கை வெறுமனே சிதறுகிறது. வீதமோ கூடுதலான செய்தியைத் தருகிறது.

பிரெஞ்சு அறிஞர் சார்லஸ் டூபின் 1826 இல் வரைந்த கல்விப் படம் இவ்வகைப் படங்களுள் மிகப் பழையதாகக் கருதப்படுகிறது. அவரும் மாணவர்களின் மொத்த எண்ணிக்கையைக் கொண்டு நிழலிடவில்லை. பள்ளி செல்லும் சிறுவர்களை மக்கள்தொகையோடு ஒப்பிட்டே ஒவ்வொரு மாவட்டத்திற்கும் நிறம் அளித்தார்.

ஒரே விவரம், இரு படங்கள்

கேரளத்தின் 14 மாவட்டங்களுக்கும் 2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு அளித்த விவரங்கள் கீழே தரப்பட்டுள்ளன. பழங்குடியினரின் எண்ணிக்கையை மொத்த மக்கள்தொகையால் வகுத்து 1,000 ஆல் பெருக்கிக் கிடைப்பதே கடைசி நிரல்.

| மாவட்டம் | மக்கள்தொகை (இலட்சம்) | பழங்குடியினர் | ஆயிரத்துக்கு |
|---|---|---|---|
| வயநாடு | 8.17 | 1,51,443 | 185.3 |
| இடுக்கி | 11.09 | 55,815 | 50.3 |
| காசரகோடு | 13.07 | 48,857 | 37.4 |
| பாலக்காடு | 28.10 | 48,972 | 17.4 |
| கண்ணூர் | 25.23 | 41,371 | 16.4 |
| கோட்டயம் | 19.75 | 21,972 | 11.1 |
| திருவனந்தபுரம் | 33.01 | 26,759 | 8.1 |
| பத்தனம்திட்டா | 11.97 | 8,108 | 6.8 |
| மலப்புரம் | 41.13 | 22,990 | 5.6 |
| எர்ணாகுளம் | 32.82 | 16,559 | 5.0 |
| கோழிக்கோடு | 30.86 | 15,228 | 4.9 |
| கொல்லம் | 26.35 | 10,761 | 4.1 |
| ஆலப்புழை | 21.28 | 6,574 | 3.1 |
| திருச்சூர் | 31.21 | 9,430 | 3.0 |

வயநாடு எந்த முறையிலும் முதலிடத்திலேயே நிற்கிறது. ஆகையால் படத்தை மேலோட்டமாகப் பார்ப்பவர் இரு முறைகளுக்கும் பெரிய வேறுபாடில்லை என எண்ணக்கூடும். ஆனால் பிழை முதலிடத்தில் அன்று, இடைப்பட்ட மாவட்டங்களிலேயே நேர்கிறது. மலப்புரத்தையும் பத்தனம்திட்டாவையும் எடுத்துக்கொள்வோம். எண்ணிக்கைப் படத்தில் 22,990 பேரைக் கொண்ட மலப்புரம் நடுத்தர நிறம் பெறும். 8,108 பேரைக் கொண்ட பத்தனம்திட்டா மிக வெளிறியிருக்கும். வீதப்படி பார்த்தால் பத்தனம்திட்டாவே முன் நிற்கிறது: 6.8 எதிர் 5.6. மலப்புரத்தின் எண்ணிக்கை உயர்ந்து தோன்றுவதற்குக் காரணம், அங்குள்ள மொத்த மக்கள்தொகை பத்தனம்திட்டாவைப்போல் மூன்றரை மடங்காக இருப்பதேயாகும்.

மலப்புரம் கேரளத்திலேயே மக்கள்தொகை மிகுந்த மாவட்டம். எனவே பள்ளிப் பிள்ளைகள், முதியோர், கிணறுகள், மிதிவண்டிகள் என எதை எண்ணிப் படம் வரைந்தாலும் அது அடர்ந்த நிறம் பெறவே முற்படும். எண்ணிக்கையால் வரையப்படும் பல படங்கள் வெவ்வேறு தலைப்புகளைத் தாங்கியிருந்தாலும், உண்மையில் அவை மக்கள்தொகைப் படத்தின் மறுபதிப்புகளே. ஒரு துறையின் பல படங்களிலும் ஒரே மாவட்டங்கள் அடர்ந்து காணப்பட்டால், அவற்றை மக்கள்தொகைப் படத்தின் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒத்திருந்தால், அப்படங்கள் புதிதாக எதையும் கூறவில்லை என்பது தெளிவு.

எந்த ஆயிரம்?

வீதம் கணக்கிடுவது எளிய வகுத்தலே. ஆயினும் எதனால் வகுப்பது என்பதில் இரு கவனங்கள் தேவை.

முதலாவது, வகுக்கும் எண் அந்நிகழ்ச்சிக்கு உட்படக்கூடியவர்களின் தொகையாக இருத்தல் வேண்டும். மொத்த மக்களில் பழங்குடியினரின் பங்கை அறிய மொத்த மக்கள்தொகை பொருத்தமானது. ஆனால் குழந்தை இறப்பு வீதத்தை மொத்த மக்கள்தொகையால் வகுத்தால், பிறப்புகள் குறைந்த மாவட்டம் காரணமின்றி நற்பெயர் பெறும். ஆகவேதான் அது உயிருடன் பிறந்த 1,000 குழந்தைகளுக்கு எனக் கணக்கிடப்படுகிறது. எழுத்தறிவுக்கு 7 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் மட்டுமே கணக்கில் கொள்ளப்படுகின்றனர். பள்ளியை இடையில் விட்டவர்களைக் கணக்கிடப் பள்ளியில் சேர்ந்திருந்த பிள்ளைகளின் எண்ணிக்கையே தக்க அடிப்படையாகும்.

இரண்டாவது, வகுபடும் எண்ணும் வகுக்கும் எண்ணும் ஒரே காலத்தையும் ஒரே எல்லையையும் சேர்ந்தவையாக இருத்தல் வேண்டும். 2011 ஆம் ஆண்டுப் பழங்குடியினர் தொகையை 2001 ஆம் ஆண்டு மக்கள்தொகையால் ஒருவர் வகுத்துவிட்டதாகக் கொள்வோம். அப்பத்தாண்டில் மலப்புரத்தின் மக்கள்தொகை 36.25 இலட்சத்திலிருந்து 41.13 இலட்சமாகப் பெருகியது, பத்தனம்திட்டாவிலோ 12.34 இலட்சத்திலிருந்து 11.97 இலட்சமாகக் குறைந்தது. இதன் விளைவாக மலப்புரத்தின் வீதம் 5.6 என்பதற்குப் பதிலாக 6.3 என உயர்ந்தும், பத்தனம்திட்டாவின் வீதம் 6.8 என்பதற்குப் பதிலாக 6.6 எனத் தாழ்ந்தும் காணப்படும். இரண்டும் ஏறத்தாழ ஒன்று எனத் தோன்றும். இருந்த வேறுபாடு மறைந்துபோகும்.

இது கற்பனையான ஆபத்தன்று. 2021 இல் நடைபெற வேண்டிய கணக்கெடுப்பு ஒத்திவைக்கப்பட்டமையால், அதன் பின்னரும் பல ஆண்டுகளுக்கு 2011 ஆம் ஆண்டு எண்களையே மாவட்ட வீதங்களுக்குப் பயன்படுத்த நேர்ந்தது. வளர்ந்த மாவட்டத்தின் வீதம் மிகையாகவும், தேய்ந்த மாவட்டத்தின் வீதம் குறைவாகவும் தோன்றும் என்பதை அத்தகைய படங்களைப் படிப்பவர் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். இடைக்காலத்தில் மாவட்டங்கள் பிரிக்கப்பட்டிருந்தால், பழைய மக்கள்தொகையைப் புதிய எல்லைகளுக்கு ஏற்ப வட்டம் வட்டமாகக் கூட்டிச் சரிசெய்த பின்னரே வகுத்தல் முறையாகும்.

பிரிவுகளை வகுத்தல்

வீதங்கள் கிடைத்த பின் அவற்றை நான்கு அல்லது ஐந்து பிரிவுகளாக்கி நிறமிடுவது வழக்கம். இங்கும் ஒரு படுகுழி உள்ளது. 0 முதல் 200 வரை 40, 40 ஆகச் சமமாகப் பிரித்தால் காசரகோடு உட்பட 12 மாவட்டங்கள் கடைசிப் பிரிவில் அடங்கிவிடும். இடுக்கி இரண்டாம் பிரிவில் தனித்து நிற்கும். அடுத்த இரு பிரிவுகளில் எம்மாவட்டமும் இராது. வயநாடு உச்சியில் தனித்திருக்கும். ஆயிரத்துக்கு 3 பேர் உள்ள திருச்சூரும் 37 பேர் உள்ள காசரகோடும் ஒரே நிறம் பெறுமானால், வீதம் கணக்கிட்டதன் பயன் வீணாகிறது.

5, 10, 20, 100 எனப் பிரிவுகளை அமைத்தால் நிலை மேம்படும். ஆனால் 5 என்னும் எல்லை கோழிக்கோட்டையும் எர்ணாகுளத்தையும் பிரித்து வெவ்வேறு நிறங்களில் வைத்துவிடுகிறது. முன்னதன் வீதம் 4.93, பின்னதன் வீதம் 5.04. இவ்வளவு சிறிய வேறுபாட்டிற்கு இரு நிறங்கள் அளிப்பது பொருந்தாது. அட்டவணையை மேலிருந்து கீழாக நோக்கினால் எண்களிடையே இயற்கையான இடைவெளிகள் புலப்படும்: 185க்கும் 50க்கும் இடையே ஒன்று, 37க்கும் 17க்கும் இடையே ஒன்று, 16க்கும் 11க்கும் இடையே ஒன்று. இவ்விடைவெளிகளில் எல்லைகளை அமைப்பதே நன்று. மாநிலச் சராசரியாகிய 14.5 உம் மூன்றாவது இடைவெளியிலேயே அமைகிறது. அதனை ஓர் எல்லையாகக் கொண்டால், சராசரிக்கு மேற்பட்ட ஐந்து மாவட்டங்களும் கீழ்ப்பட்ட ஒன்பது மாவட்டங்களும் ஒரே பார்வையில் விளங்கும்.

எவ்வாறு பிரித்தாலும் அப்பிரிவு எல்லைகளையும், வகுக்கும் எண்ணையும், இரண்டின் ஆண்டுகளையும் படத்தின் குறிப்பில் எழுதுதல் இன்றியமையாதது. 'பழங்குடியினர், 2011' என்று மட்டும் தலைப்பிட்ட படத்தை வைத்து, அது எண்ணிக்கையா வீதமா என்பதைக் கூட அறிய இயலாது.

எண்ணிக்கைக்கு உரிய இடம்

இவ்வளவு கூறியதால் எண்ணிக்கை பயனற்றது எனக் கொள்ளுதல் கூடாது. எத்தனை விடுதிகள் கட்டுவது, எத்தனை மாணவர்க்கு உதவித்தொகை ஒதுக்குவது, எவ்வளவு மருந்து அனுப்புவது ஆகிய வினாக்களுக்கு வீதம் விடையளிக்காது. பத்தனம்திட்டாவின் வீதம் மலப்புரத்தைவிட உயர்ந்தது என்பதற்காக அதற்கு அதிக விடுதிகளை ஒதுக்கினால், மலப்புரத்தில் ஏறத்தாழ 15,000 பேர் கூடுதலாக உள்ளனர் என்பது மறக்கப்பட்டுவிடும். தேவையின் செறிவை அறிய வீதம். தேவையின் அளவை அறிய எண்ணிக்கை.

எண்ணிக்கையைப் படத்தில் காட்ட வேண்டுமாயின் நிழலை விடுத்து வட்டங்களைப் பயன்படுத்தலாம். மாவட்டத்தின் நடுவே இடப்படும் வட்டத்தின் பரப்பு எண்ணிக்கைக்கு ஏற்ப இருத்தல் வேண்டும். வயநாட்டின் எண்ணிக்கை கோழிக்கோட்டினதைப்போல் ஏறக்குறைய 10 மடங்கு. ஆனால் வட்டத்தின் ஆரம் 10 மடங்காக இருந்தால் பரப்பு 100 மடங்காகிவிடும். பத்தின் வர்க்கமூலமாகிய 3.2 மடங்கு ஆரமே சரியானது. வீதத்திற்கு நிழலும் அதன்மேல் எண்ணிக்கைக்கு வட்டமும் இட்டால், இரு வினாக்களுக்கும் ஒரே படம் விடை தரும்.

திட்டமிடுவோர் இவ்விரண்டையும் சேர்த்துப் பயன்படுத்திய முன்னுதாரணம் உண்டு. ஐந்தாம் திட்டக் காலத்தில் பழங்குடித் துணைத் திட்டம் வகுக்கப்பட்டபோது, மக்கள்தொகையில் பாதிக்குமேல் பழங்குடியினர் வாழும் வட்டாரங்களே முதலில் தேர்ந்தெடுக்கப்பட்டன. அவ்வளவு பரந்த வட்டாரமாக அமையாத இடங்களுக்காக ஆறாம் திட்டக் காலத்தில் வகுத்த விதி, மொத்தம் 10,000 மக்களேனும் கொண்ட பகுதியாகவும், அவர்களில் பாதிப்பேரேனும் பழங்குடியினராகவும் இருத்தல் வேண்டும் என்று கூறியது. முதல் நிபந்தனை எண்ணிக்கை, இரண்டாவது வீதம்.

மாவட்டச் சராசரி மறைப்பவை

வீதப் படத்திற்கும் எல்லைகள் உண்டு. கண் பரப்பை நோக்குவதால், மலைப்பாங்கான பெரிய இடுக்கி படத்தில் மிகுந்த இடத்தைப் பிடிக்கிறது. அதன் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைந்த பரப்புள்ள ஆலப்புழையில் அதனைப்போல் இரு மடங்கு மக்கள் வாழ்கின்றனர் என்பது படத்தில் தோன்றாது. மக்கள்தொகை நிரலைப் படத்தின் அருகிலேயே அச்சிடுவது இக்குறையை ஓரளவு போக்கும்.

இதனினும் முக்கியமானது, மாவட்டத்தின் உள்ளே இருக்கும் வேறுபாடு. பாலக்காட்டின் வீதம் ஆயிரத்துக்கு 17 என்று கண்டோம். ஆனால் அம்மாவட்டத்தின் பழங்குடியினரில் பெரும்பகுதியினர் அட்டப்பாடியின் அகளி, புதூர், சோலையூர் ஊராட்சிகளில் வாழும் இருளர், முதுகர், குறும்பர் ஆவர். மாவட்டத்தின் சமவெளிப் பகுதிகளில் அவர்கள் மிகக் குறைவு. எனவே 17 என்னும் எண் மலைக்கும் பொருந்தாது, சமவெளிக்கும் பொருந்தாது. அட்டப்பாடியில் ஊட்டக்குறைவால் பச்சிளங் குழந்தைகள் இறந்த செய்தி 2013 இல் நாடெங்கும் கவலையை உண்டாக்கியது. மாவட்ட வீதங்களை மட்டும் கொண்டு முன்னுரிமை வகுத்தால், இத்தகைய பகுதி நடுத்தர நிறத்திற்குள் மறைந்துவிடும்.

அப்படியாயின் ஊராட்சி வரை இறங்கி வீதம் கணக்கிடலாமே எனின், அங்கு மற்றோர் இடர் எதிர்ப்படுகிறது. ஆண்டுக்கு 500 குழந்தைகள் பிறக்கும் ஒரு வட்டாரத்தை உதாரணத்திற்குக் கொள்வோம். ஓராண்டில் 6 குழந்தைகள் இறந்தால் வீதம் 12. மறு ஆண்டில் 9 இறந்தால் வீதம் 18. மூன்று இறப்புகளால் அவ்வட்டாரத்தின் நிறம் மாறிவிடும். ஆண்டுக்கு 10,000 குழந்தைகள் பிறக்கும் பகுதியில் அதே மூன்று இறப்புகள் வீதத்தை 0.3 மட்டுமே உயர்த்தும். ஆகையால் சிறு பகுதிகளின் வீதப் படங்களில் மிக அடர்ந்த நிறமும் மிக வெளிறிய நிறமும் மக்கள்தொகை குறைந்த இடங்களிலேயே அடிக்கடி காணப்படும். அடுத்த ஆண்டுப் படத்தில் அவை இடம் மாறினால், அது தற்செயலின் விளைவு எனக் கருத வேண்டும். மூன்று அல்லது ஐந்து ஆண்டுகளிலும் அதே இடத்தில் நிலைத்து நின்றால், அங்கு உண்மையான குறைபாடு உள்ளது எனக் கொள்ளலாம். இதற்காகவே பல ஆண்டுகளின் நிகழ்ச்சிகளைக் கூட்டி, அதே ஆண்டுகளின் பிறப்புகளின் கூட்டுத்தொகையால் வகுத்து வீதம் காண்பது பாதுகாப்பான முறையாகும்.

ஆகவே நிழலிட்ட ஒரு படம் அலுவலக மேசைக்கு வரும்போது, அதன் நிறங்களை நோக்குமுன் அதன் குறிப்பை நோக்குதல் வேண்டும். நிழல் எதனை எதனால் வகுத்துப் பெறப்பட்டது, இரண்டும் எந்த ஆண்டுக்குரியவை, பிரிவுகள் எங்கு முறிகின்றன என்னும் மூன்றும் அங்கு காணப்படாவிட்டால், பாலக்காட்டையும் காசரகோட்டையும் ஒன்றெனக் காட்டும் படம் அதுவாகவும் இருக்கக்கூடும்.